வேர்ச்சொல்லைக் கொண்டு கோடிட்ட இடத்தை நிரப்ப மூன்று வழிகள்: எதை எப்போது தேர்வது?

தமிழ்த் தேர்வுகளில் வேர்ச்சொல்லைக் கொடுத்து வேறு சொல்லாக்கச் சொல்லும் வினாக்கள் இரண்டு வகையாக வருகின்றன. ஒரு வகையில் வேண்டிய வடிவத்தின் பெயரையே வினா சொல்லிவிடும், "தா என்னும் வேர்ச்சொல்லின் வினையாலணையும் பெயர் யாது?" என்பது போன்றது அது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்தில் வேர்ச்சொல்லிலிருந்து வரும் வினைமுற்று, வினையெச்சம், வினையாலணையும் பெயர் முதலியவற்றைப் பற்றிய தலைப்பு இவ்வகையைச் சார்ந்தது. மற்றொரு வகையில் ஒரு தொடரில் கோடிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வேர்ச்சொல்லை மட்டும் தருவார்கள். அந்த இடத்துக்குப் பெயர் வேண்டுமா, பெயரைச் சிறப்பிக்கும் அடை வேண்டுமா, வினையைச் சிறப்பிக்கும் அடை வேண்டுமா என்பதை மாணவரே முடிவு செய்து, அதன் பிறகு சொல்லை ஆக்க வேண்டும். இந்த இரண்டாம் வகையே கடினமானது. இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

இதற்குத் தயாராவதற்கு மாணவர்களிடையே மூன்று வழிகள் புழங்குகின்றன. வேர்ச்சொற்களையும் அவற்றின் வடிவங்களையும் அட்டவணையாக மனப்பாடம் செய்வது ஒன்று. எந்த வேரோடு எந்த விகுதி சேரும் என்ற விதியைக் கற்றுக்கொண்டு தேவையான போது ஆக்கிக்கொள்வது இரண்டாவது. கோடிட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைப் பார்த்து அவ்விடம் எதைக் கேட்கிறது என்று முதலில் கண்டறிவது மூன்றாவது. மூன்றையும் ஒருவர் கற்கலாம்தான். ஆனால் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது எதில் தொடங்குவது என்பது உண்மையான கேள்வி.

அட்டவணை வழியின் வலிமை, விதிக்குள் அடங்காத வேர்களில் தெரிகிறது. வந்தான் என்பதன் வேர் வா, கண்டான் என்பதன் வேர் காண், வெந்தது என்பதன் வேர் வே, நொந்தான் என்பதன் வேர் நோ, கற்றான் என்பதன் வேர் கல், விற்றான் என்பதன் வேர் வில். இவற்றைச் சொல்லின் தோற்றத்தைக் கொண்டு ஊகிக்க முயல்பவர் "வந்", "கண்டு", "கற்று" என்று எழுதிவிடுவார். வேர்ச்சொல் என்பது ஒருவரைப் பார்த்து இடும் ஏவலாக நிற்க வேண்டும் என்ற ஒரே சோதனை இங்கே பெரிதும் உதவும். நன்னூலும் வினைப் பகுதிகளை ஏவல் வடிவிலேயே நட, வா, மடி, சீ, விடு என்று வரிசையாக அடுக்கிக் காட்டுகிறது. இருப்பினும் இத்தகைய வேர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

அட்டவணை வழியின் பலவீனமோ அதன் தொழிற்பெயர்க் கட்டத்தில் இருக்கிறது. கையேடுகள் பெரும்பாலும் ஒரு வேருக்கு ஒரு தொழிற்பெயரையே தருகின்றன, அதுவும் தல் அல்லது அல் விகுதி பெற்றதாக. வா என்பதற்கு எதிரே வருதல் என்று இருக்கும். ஆனால் "அமைச்சரின் ______ (வா) முன்னிட்டுச் சாலைகள் சீரமைக்கப்பட்டன" என்ற தொடரில் வருதலை என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லாவிட்டாலும் தமிழாக ஒலிக்காது. வருகையை என்பதே அங்கே பொருந்தும். "இம்மாத ______ (வா) செலவுக் கணக்கு" என்ற இடத்திலோ வருகையும் பொருந்தாது, வரவு ஒன்றே பொருந்தும். தேர் என்ற வேரிலிருந்து வரும் தேர்தலும் தேர்வும் இன்றைய வழக்கில் முற்றிலும் வெவ்வேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கின்றன. விளை என்பதிலிருந்து பிறந்த விளைவு பின்விளைவையும் விளைச்சல் வயலின் மகசூலையும் குறிக்கும். ஒரு வேருக்கு ஒரு பெயர் என்று கற்றவர் இத்தகைய இடங்களில் தான் கற்ற ஒன்றையே எழுதிவிட்டு, ஏன் மதிப்பெண் போயிற்று என்று தெரியாமல் நிற்பார்.

விதி வழிக்கு இனி வருவோம். தொழிற்பெயர் விகுதிகளின் நீண்ட பட்டியலை ஒப்பிப்பதால் பயன் குறைவு என்பது என் கருத்து; ஏனெனில் தல், அல், அம், ஐ, கை, பு, வு, தி, சி, வி, மை என்று தெரிந்திருந்தாலும் அவற்றுள் எது இந்த வேருக்கு வரும் என்பதைப் பட்டியல் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. வேரை எதிர்கால வினைமுற்றாக்கிப் பாருங்கள். அழிவான் என்றால் அழிவு, அழிப்பான் என்றால் அழிப்பு. பிரிவான், பிரிவு, பிரிப்பான், பிரிப்பு. குறையும் பொருளுக்குக் குறைவு, குறைப்பான் என்பதற்குக் குறைப்பு. எதிர்காலத்தில் வகரம் வரும் வேர் வு விகுதியையும், ப்ப வரும் வேர் ப்பு விகுதியையும் ஏற்பதை இவ்வாறு காதால் கேட்டே அறியலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வு என்பது தன்வினைக்கும் ப்பு என்பது பிறவினைக்கும் உரியது என்று சிலர் சுருக்கிக் கற்பிக்கிறார்கள். அழிவு, அழிப்பு போன்ற இணைகளில் அது உண்மையாகத் தெரிந்தாலும், பிறப்பு, இறப்பு, சிரிப்பு, இருப்பு என்பவை பிறவினைகள் அல்ல. பிறப்பான், இறப்பான், சிரிப்பான், இருப்பான் என்று எதிர்காலத்தில் ப்ப வருவதே அவற்றின் விகுதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே செயப்படுபொருளைத் தேடுவதைவிட எதிர்கால வடிவத்தைச் சொல்லிப் பார்ப்பது பாதுகாப்பானது.

இந்த அடையாளம் பெரும்பாலும் அ, இ, ஐ ஆகிய உயிர்களில் முடியும் வேர்களுக்குப் பொருந்தும். வாழ்வு, உயர்வு, சேர்ப்பு என மெய்யில் முடியும் சிலவற்றுக்கும் பொருந்தும். குற்றியலுகரத்தில் முடியும் வேர்களுக்குப் பொருந்தாது. அங்கே கடைசி வல்லினம் இரட்டிப்பதையும், மெல்லினம் இருந்தால் அது வல்லினமாக மாறுவதையும் கவனிக்க வேண்டும்: பேசு, பேச்சு, பாடு, பாட்டு, ஓடு, ஓட்டம், மாறு, மாற்றம், பொருந்து, பொருத்தம், வருந்து, வருத்தம், தோன்று, தோற்றம். லகர மெய்யில் முடியும் முயல், பயில் என்பவை முயற்சி, பயிற்சி என்று றகரமாகத் திரிந்து சி விகுதி பெறுகின்றன. கல், தோல் என்பவையோ திரியாமல் கல்வி, தோல்வி என வி பெறுகின்றன. கெடு, கேடு, படு, பாடு, பெறு, பேறு, சுடு, சூடு என்று விகுதியே இல்லாமல் முதலெழுத்து நீண்டு பெயராவன முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். இவை யாவும் விதிக்கு அப்பால் பட்டியலில் சேர வேண்டியவை.

விதி நன்றாகத் தோன்றும் இடத்திலும் வழக்கு அதை மீறுவது உண்டு. நினைப்பான் என்பதால் நினைப்பு வருகிறது, சரி; ஆனால் நினைவு என்ற சொல்லே எழுத்து வழக்கில் மிகுதி. ஏரிக்கரை தானாக உடைகிறது, எதிர்காலத்தில் உடையும், உடைவது என்கிறோம். விதிப்படி உடைவு வர வேண்டும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "கரையில் உடைப்பு எடுத்துவிட்டது" என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாம் வழி, கோடிட்ட இடத்தைப் படிப்பது. அவ்விடத்துக்கு அடுத்த சொல் பெயராக இருந்தால் பெயரெச்சமோ ஆன ஈற்றுப் பெயரடையோ வர வாய்ப்பு மிகுதி. அடுத்து வினை இருந்தால் வினையெச்சமோ ஆக ஈற்று வினையடையோ வரலாம், அல்லது வேற்றுமை உருபேற்ற பெயர் வரலாம். இந்த அளவு பலருக்கும் தெரியும். அதற்கு மேல் மூன்று குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைக் கற்பதற்குச் செலவிடும் நேரம் வீணாகாது.

முதலாவது, கோட்டுக்கு முன் நிற்கும் சொல். "மரங்களை ______ (வளர்) நம் கடமை" என்ற தொடரில் மரங்களை என்று இரண்டாம் வேற்றுமை வெளிப்பட்டு நிற்கிறது. அத்தகைய செயப்படுபொருளை ஏற்கும் ஆற்றல் தல் விகுதிப் பெயருக்கும் வளர்ப்பது போன்ற து ஈற்றுப் பெயருக்குமே உண்டு. ஆதலால் வளர்த்தல் அல்லது வளர்ப்பது என்று எழுத வேண்டும். மரங்களை வளர்ப்பு என்றோ மரங்களை வளர்ச்சி என்றோ எழுத முடியாது. மாறாக, "நாட்டின் சீரான ______ (வளர்)" என்று முன்னால் பெயரடையோ ஆறாம் வேற்றுமையோ வந்தால் வளர்ச்சி பொருந்தும். அங்கே வளர்தல் மெலிந்து ஒலிக்கும். ஒரே வேரின் இரு பெயர்களுள் எதைத் தேர்வது என்பதற்கு நான் அறிந்தவரை இதைவிட உறுதியான சோதனை இல்லை.

இரண்டாவது, பெயரெச்சமா ஆன ஈறா என்ற தேர்வு. விரி என்ற வேரிலிருந்து விரிந்த என்றும் விரிவான என்றும் இரண்டு அடைகள் கிடைக்கின்றன. விரிந்த வானம் என்கிறோம், விரிவான விளக்கம் என்கிறோம். மாற்றிச் சொன்னால் உறுத்துகிறது. ஒரு பொருள் அச்செயலுக்கு உள்ளாகி நிற்பதைக் காட்டப் பெயரெச்சமும், தன்மையை மட்டும் காட்டத் தொழிற்பெயரோடு ஆன சேர்ந்த வடிவமும் வருகின்றன. தெளிந்த நீர், தெளிவான பதில். பரவிய நோய், பரவலான மழை. பொருந்திய மூடி, பொருத்தமான விடை. வினையடையிலும் இதே வேறுபாடு தொடர்கிறது. "தெளிவாகப் பேசினார்" என்றால் பேச்சு தெளிவாக இருந்தது. "தெளிந்து பேசினார்" என்றால் பேசுவதற்கு முன்பு அவர் தெளிந்தார். எச்சம் தனி நிகழ்ச்சியைக் காட்டுகிறது, ஆக ஈறு அந்த வினை நிகழ்ந்த பாங்கைக் காட்டுகிறது. விரைந்து, விரைவாக என்பன போல இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்ட இணைகள் சிலவே.

மூன்றாவது, ஒற்று. வினாத்தாளில் கோட்டுக்குப் பின் "______ச் சரியும்" என்று வல்லின மெய் அச்சாகியிருந்தால், அது விடையைப் பாதி சொல்லிவிட்டது. ஆக என்ற ஈற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் வல்லினம் மிகும், விரைவாகச் சரியும். ந்து என்று மென்றொடராக முடியும் வினையெச்சத்துக்குப் பின் மிகாது; விரைந்து சரியும். த்து, ட்டு என வன்றொடராக முடியும் எச்சத்தின் பின் மிகும். படித்துப் பார்த்தான், கேட்டுக் கொண்டான். வந்த, படித்த, அழகான போன்ற பெயரெச்சங்களுக்கும் பெயரடைகளுக்கும் பின் மிகாது. அழகான கோயில், படித்த பெண். ஆகவே கோட்டுக்குப் பின் ஒற்று இருந்து அடுத்த சொல் பெயராகவும் இருந்தால், ஓடாக் குதிரை போன்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமா என்று ஒருமுறை ஐயுற வேண்டும். விடையில் இந்த ஒற்றைத் தாமே இட வேண்டியவர்கள் அதை மறந்து மதிப்பெண் இழப்பது மிகுதி. பேச்சு வழக்கின் தாக்கத்தால் "விரைவா", "தெளிவா" என்று ககரத்தையே விட்டு எழுதும் விடைத்தாள்களும் உண்டு; அது வேறு கதை.

மூன்று வழிகளையும் ஒரு பத்தியில் வைத்துப் பார்க்கலாம். "மழை ______ (குறை) ஆண்டுகளில் ஏரியின் நீர்மட்டம் ______ (விரை) சரியும். சென்ற ஆண்டு நெல் ______ (விளை) பாதியாயிற்று. பின்னர்ப் பெய்த பெருமழையால் கரையில் ஏற்பட்ட ______ (உடை) அடைக்க ஊரார் திரண்டனர். காரணத்தைப் பொறியாளர் ______ (தெளி) விளக்கினார். அன்று முழுவதும் ______ (உழை) மாலையில் உணவு வழங்கப்பட்டது."

முதல் கோட்டில், அடுத்து ஆண்டுகளில் என்ற பெயர் இருக்கிறது. முன்னால் மழை என்ற எழுவாய் இருக்கிறது. எழுவாயை ஏற்கும் அடை வேண்டும் என்பதால் பெயரெச்சம். மழை தானாகக் குறைவது என்பதால் குறைத்த என்று எழுதக் கூடாது. குறைந்த என்பதே எனது முதல் தேர்வு. தொடரின் வினைமுற்று சரியும் என்று வழக்கமாக நிகழ்வதைச் சொல்வதால் குறையும் என்பதும் சரியே. மழை குறைவான ஆண்டுகள் என்பதையும் பிழை என்று என்னால் சொல்ல முடியாது. இத்தகைய வினாவை அமைப்பவர் விடைக்குறிப்பில் மூன்றையும் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் காலத்தைக் குறிக்கும் ஒரு சொல்லைத் தொடரில் சேர்த்து விடையை ஒன்றாக்க வேண்டும். இங்கே அட்டவணை எதுவும் உதவவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

இரண்டாம் கோட்டுக்குப் பின் வினைமுற்று. சரிவதன் பாங்கைச் சொல்ல வேண்டும். விரைவாகச் என்று ஒற்றோடும், விரைந்து என்று ஒற்றில்லாமலும் எழுதலாம். மூன்றாம் கோட்டில் பாதியாயிற்று என்ற வினைக்கு எழுவாய் வேண்டும், முன்னால் நெல். இடத்தைப் படித்தால் பெயர் என்பது தெரிகிறது, விதியைக் கேட்டால் விளைவு என்கிறது, சொல்வளம் மட்டுமே விளைச்சல் என்று சரியாகச் சொல்கிறது. நான்காவதும் அப்படியே. அடைக்க என்ற வினைக்குச் செயப்படுபொருள் தேவை என்பதால் ஐ உருபு சேர வேண்டும் என்பதை இடம் சொல்கிறது, உடைப்பு என்ற சொல்லை வழக்கு தருகிறது. இரண்டும் சேர்ந்து உடைப்பை. பெயரைச் சரியாக ஆக்கிவிட்டு உருபை விட்டுவிடுவதே இவ்வினாவில் மிகப் பரவலான பிழை, ஏனெனில் மாணவரின் கவனம் முழுவதும் வேர்ச்சொல்லின் மீதே இருக்கிறது. ஐந்தாவது கோட்டில் தெளிவாக; இங்கே தெளிந்து என்றால் பொறியாளர் அதுவரை குழம்பியிருந்தார் என்ற பொருள் வந்துவிடும்.

ஆறாவது சற்று நின்று பார்க்கத் தக்கது. பின்னால் வரும் உணவு என்பது பெயர்; ஆகவே அவசரக்காரர் உழைத்த என்று பெயரெச்சத்தை எழுதிவிடுவார். ஆனால் கோட்டுக்கும் உணவுக்கும் இடையில் மாலையில் என்ற சொல் நிற்கிறது. உழைத்த மாலையில் என்பது பொருந்தாது. வழங்கப்பட்டது என்ற வினை யாருக்கு என்ற கேள்வியை எழுப்புகிறது; அதற்குத் தொடரில் வேறு விடை இல்லை. அன்று முழுவதும் என்ற காலக் குறிப்பைத் தனக்குள் ஏற்று, ஆளையும் குறித்து, நான்காம் வேற்றுமையையும் ஏற்கக்கூடியது வினையாலணையும் பெயர் ஒன்றே: உழைத்தவர்களுக்கு. உழைப்புக்கு என்று தொழிற்பெயரை இட்டால் அன்று முழுவதும் என்ற தொடர் அந்தரத்தில் தொங்கும். அதை அன்றைய என்று மாற்றினால்தான் உழைப்புக்கு என்பது நிற்கும்.

ஆறு கோடுகளில் எங்கேயும் இடத்தைப் படிக்காமல் விடையை அடைய முடியவில்லை. இரண்டில் சொல்வளம் இல்லாமல் அடைய முடியவில்லை. எதிர்கால விதியோ விரைவு, தெளிவு ஆகியவற்றை ஆக்குவதற்கு உதவியது, உடை, விளை ஆகிய இரண்டில் வழிதவறச் செய்தது. இதைக் கொண்டு தொடர் வினாக்களுக்குத் தயாராகும் பள்ளி மாணவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் கோட்டின் முன்பின்னைப் படிக்கும் பழக்கத்தைப் பெற வேண்டும். அதற்கு வேர்ச்சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு, இங்கே பெயரா, அடையா, எந்த வேற்றுமை என்று மட்டும் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. அதன் பிறகு எதிர்கால விதி. விதியை மீறும் பெயர்களைச் செய்தித்தாளிலும் பாடநூலிலும் காணும்போது தனியே குறித்து வைத்துக்கொள்வது இறுதியில். கையேட்டின் முழு அட்டவணையை மனப்பாடம் செய்யும் வேலையை அவர் விட்டுவிடலாம்.

வடிவத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும் போட்டித் தேர்வுக்கு இந்த வரிசை தலைகீழாகும். நான்கு விடைகளுக்கு நடுவே தந்து, தந்த, தந்தவன், தருதல் என்று நிற்கும்போது படிப்பதற்கு முன்பின் எதுவும் இல்லை. எந்த ஈறு எந்த வகை என்ற அடையாளமும், திரியும் வேர்களின் சிறு பட்டியலும் அங்கே முதலிடம் பெறும். தொழிற்பெயர் கேட்டால் அங்கே தல் ஈற்று விடையே பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும் என்பதால் வருகையா வரவா என்ற தயக்கமும் எழாது. ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: செய்யும், வரும் போன்றவை பெயரெச்சமாகவும் வினைமுற்றாகவும் வரும்; நடந்தது என்பது வினைமுற்றாகவும் வினையாலணையும் பெயராகவும் வரும். "நேற்று நடந்தது எனக்குத் தெரியும்" என்று தொடர் தரப்பட்டிருந்தால் அது பெயர். "கூட்டம் நேற்று நடந்தது" என்றால் முற்று. தொடர் தரப்படாமல் சொல் மட்டும் நின்றால் மற்ற மூன்று விடைகளையும் நீக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய இயலும்.